கம்பெனிக் கதை கடைசியில் வரட்டும்!

'எங்கள் பொருளை உங்கள் ஊரில் விற்றுத் தருகிறீர்களா?' என்று கேட்டு வரும் டீலர் அழைப்புகளை நாம் எல்லோருமே பார்த்திருப்போம். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரமோ, சோலார் ஹீட்டரோ, மசாலாப் பொடியோ, எதுவாக இருந்தாலும் ஆரம்பம் ஒன்றுதான். 'ஒரு சின்ன அறையில், ஒரு பெரிய கனவோடு...'

எழுதுகிறவருக்கு அது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் வாசிக்கிறவர் யார்? ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் பெண், கம்ப்யூட்டர் சரிபார்க்கும் இளைஞர். கல்லாவில் உட்கார்ந்தபடி, வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே அதைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மூன்று பதில்கள். எனக்கு எவ்வளவு நிற்கும்? பிரச்னை என்றால் யார் வருவார்கள்? நான் என்ன போட வேண்டும்?

செங்கல்பட்டில் பில் போடும் மென்பொருள் செய்யும் ஒரு சின்ன கம்பெனி, தன்னுடைய டீலர் அழைப்பைத் திருத்தித் தரச் சொல்லி ஒரு பெண்ணிடம் கொடுத்தது. மொத்தம் இரண்டு பக்கம். எழுத்துப்பிழை பார்த்து, வரிகளை மேலே கீழே மாற்றி வைக்கும் அரை நாள் வேலை என்றுதான் அவர் நினைத்தார். பத்து நாள் ஆனது. கம்பெனியின் பெயரும் அவர்களுடைய பெயர்களும் வேண்டாம் என்பதால் இங்கே அவை இல்லை.

முதல் பக்கம் முழுக்க அப்பாவின் மண்டி

முதலாளி கொடுத்த இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் வரலாறு. அப்பாவின் அரிசி மண்டியில் கணக்கு எழுதியது, தப்பான பில்லால் ஒரு வியாபாரியோடு சண்டை வந்தது, அந்தக் கோபத்தில் மென்பொருள் செய்யக் கற்றுக்கொண்டது, முதல் வாடிக்கையாளர், முதல் விருது. டீலருக்கான விஷயம் கடைசி அரைப் பக்கத்தில் மூன்றே வரியாக இருந்தது. '40 சதவிகிதம் வரை கவர்ச்சிகரமான லாபம். முழுமையான சப்போர்ட். ஆர்வமும் உழைப்பும் இருந்தால் போதும்.'

"சார், இந்த மூணு வரியை மேல கொண்டு போகணும். வரலாறு கீழ வரட்டும்" என்றார் அந்தப் பெண்.

முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. "ஏம்மா, நம்ம மாவட்டத்துல இருக்குற ஸோஹோ கதையை ஊரே பேசுது. 1996-ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சு, 2009-ல பேரை மாத்துனது வரைக்கும் காலேஜ் பசங்க ஒப்பிக்கிறாங்க. நம்ம கதையை மட்டும் ஏன் ஒளிச்சு வெக்கணும்?"

"ஒளிக்க வேணாம் சார். ஸோஹோ கதையை விரும்பிப் படிக்கிறவங்க அந்தக் கம்பெனியைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு வர்றவங்க. இதைப் படிக்கப்போறவர், தன் கைக்காசைப் போடலாமா வேணாமான்னு யோசிக்கிறவர்."

அடுத்த நாள் அவர் ஒரு பழைய செய்தித்தாள் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் 2018 நவம்பரில் நாடு முழுக்க புதிய பெட்ரோல் பங்க் டீலர்களுக்காக விளம்பரம் கொடுத்தன. எந்த இடம், எந்த மாவட்டம், அங்கே மாதத்துக்கு எவ்வளவு விற்பனையாகலாம் என்ற மதிப்பீடு, இடத்துக்கு முன்பக்க அகலம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, விண்ணப்பிப்பவர் திரட்ட வேண்டிய பணம், தேர்வு குலுக்கலா ஏலமா, டெபாசிட் எவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் போகும் அந்த விளம்பரம். சாலையோரம் நிலம் வைத்திருக்கிற ஒருவர் தன் ஊர் இருக்கும் வரியில் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினால், தனக்கு இது ஒத்துவருமா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவ்வளவு பெரிய கம்பெனிகள், அந்தக் கட்டங்களில் தங்கள் வரலாற்றுக்கு ஒரு பத்திகூட ஒதுக்கவில்லை.

முதலாளி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, மாத்து" என்றார்.

மாற்ற முயன்றபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. மூன்று வரியையும் மேலே வைத்தால், அவற்றின் கீழே எழுதுவதற்கு எதுவுமே இல்லை. எத்தனை விற்றால் 40 சதவிகிதம்? முழுமையான சப்போர்ட் என்றால் எத்தனை மணி வரை? ஒவ்வொரு கேள்விக்கும் முதலாளி, "அது பேசிக்கலாம்மா" என்றார். வரலாறு முன்னால் நின்றதற்குக் காரணம் பெருமை மட்டும் இல்லை. பின்னால் இருக்க வேண்டியவை இன்னும் முடிவாகவே இல்லை.

'வரை' என்ற ஒரு சொல்

முதலில் லாபம். மென்பொருளின் விலை வருடத்துக்கு 12,000 ரூபாய், ஜி.எஸ்.டி தனி. '40 சதவிகிதம் வரை' என்பது, வருடத்துக்கு 50 லைசென்ஸுக்கு மேல் விற்பவர்களுக்கு மட்டும். இதுவரை எந்த டீலரும் அதைத் தொட்டதில்லை. நடைமுறையில் முதல் பத்து லைசென்ஸுக்கு 20 சதவிகிதமும், பதினொன்றிலிருந்து ஐம்பது வரை 25 சதவிகிதமும்தான் கொடுத்துவந்தார்கள்.

சதவிகிதம் எதன் மேல் என்பதையும் எழுத வேண்டியிருந்தது. 12,000 ரூபாயில் 20 சதவிகிதம் என்றால் 2,400 ரூபாய். டீலர் 9,600-க்கு வாங்கி 12,000-க்கு விற்கிறார். இதே 2,400-ஐ வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் 25 சதவிகிதம் என்று வரும். இரண்டும் ஒரே பணம். ஆனால் ஒரு கம்பெனி விற்கும் விலையில் கணக்குச் சொல்ல, இன்னொரு கம்பெனி வாங்கும் விலையில் கணக்குச் சொன்னால், இரண்டாவது அதிகம் தருவதாகத் தோன்றிவிடும். அதனால் அந்தப் பெண் சதவிகிதத்துக்குப் பக்கத்திலேயே ரூபாயையும் எழுதினார்.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒருவர், பழைய அழைப்பைப் படித்துவிட்டு ஏற்கெனவே போன் செய்திருந்தார். கடற்கரையை ஒட்டி ஹோம்ஸ்டே, சின்ன ரிசார்ட், மீன் உணவகம், கற்சிற்பக் கடை என்று பில் போட வேண்டிய இடங்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் வருடம் 15 லைசென்ஸ் விற்கலாம் என்பது அவர் கணக்கு. '40 சதவிகிதம்' என்பதை அப்படியே நம்பி, ஒரு லைசென்ஸுக்கு 4,800 வீதம் 72,000 ரூபாய் வரும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டே அந்தப் பெண் புதுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். முதல் பத்துக்கு 24,000, அடுத்த ஐந்துக்கு 15,000. ஆக 39,000 ரூபாய். டெமோ காட்டும் மூன்று இடத்தில் ஒன்று வாங்கும் என்று வைத்துக்கொண்டால், 15 விற்க 45 இடம் ஏறி இறங்க வேண்டும். வாங்கிய ஒவ்வொரு இடத்துக்கும் மென்பொருளைப் போட்டுக் கொடுக்க ஒரு தடவை, ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு தடவை. மொத்தம் 75 பயணம். ஒரு பக்கம் கோவளம், இன்னொரு பக்கம் சதுரங்கப்பட்டினம் என்று சுற்றுவதற்குப் பயணத்துக்கு 70 ரூபாய் பெட்ரோல் என்றால் 5,250. பாதிப் பேராவது "ஒரு ஐந்நூறு குறைச்சுக்கோங்க" என்பார்கள். ஏழு பேருக்கு 3,500. மீதி 30,250 ரூபாய். மாதத்துக்கு 2,500 சொச்சம்.

72,000 எங்கே, 30,250 எங்கே?

"இதைப் போட்டா ஒருத்தனும் வரமாட்டான்" என்றார் முதலாளி.

"இதைப் போடலைன்னா வருவாங்க சார். வந்து ஆறு மாசத்துல போயிடுவாங்க."

அது அவருக்குச் சுட்டது. டீலர்கள் ஒரு வருடத்தில் காணாமல் போய்விடுகிறார்கள் என்பதுதான் அவருடைய பல நாள் புலம்பல். ஏன் போகிறார்கள் என்ற கேள்விக்கு அன்று பதில் கிடைத்தது. இரண்டாம் வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்கும் பணத்தைக் கம்பெனியே வாடிக்கையாளரிடம் நேரடியாக வாங்கிக்கொண்டிருந்தது. டீலருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. ஆனால் பிரின்டர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றால் அந்த ஹோட்டல்காரர் கூப்பிடுவது டீலரைத்தான். வருமானம் இல்லாமல் எத்தனை நாள் போனை எடுப்பார்? இரண்டாம் வருடத்தில் வாடிக்கையாளர்களின் போன் நேராகக் கம்பெனிக்கு வர ஆரம்பித்தால், அந்த ஊர் டீலர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம்.

முதலாளி இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பிறகு, முதல் கட்ட உதவியை டீலர் செய்துவரும் வரை ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அவருக்கு 15 சதவிகிதம், அதாவது 1,800 ரூபாய் என்று முடிவு செய்தார். 15 பேரில் 12 பேர் புதுப்பித்தால் 21,600. புதிதாக ஒன்றுகூட விற்காத வருடத்திலும் அது வரும். அழைப்பின் முதல் பத்தியில் இப்போது மூன்று எண்கள் இருக்கின்றன. முதல் பத்துக்கு எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு, புதுப்பித்தால் எவ்வளவு. 40 சதவிகிதம் அடுத்த வரிக்குப் போய்விட்டது. 'வருடத்துக்கு 50-க்கு மேல் விற்றால் மட்டும். இதுவரை யாரும் எட்டவில்லை' என்ற குறிப்போடு.

சனிக்கிழமை இரவு யார் போனை எடுப்பார்?

அடுத்தது சப்போர்ட். 'முழுமையான' என்ற சொல்லை எடுத்துவிட்டு நேரத்தைக் கேட்டார் அந்தப் பெண். திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு. செங்கல்பட்டு துணிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் அது போதும்.

மாமல்லபுரத்துக்காரர் கேட்டதுமே சிரித்துவிட்டார். "மேடம், இங்க வியாபாரமே சனிக்கிழமை சாயங்காலம்தான் ஆரம்பிக்கும். மெட்ராஸ்ல இருந்து ஈ.சி.ஆர் வழியா காருங்க வரிசையா வரும். நைட்டு எட்டு மணிக்கு பில் மெஷின் நின்னுச்சுன்னா, ரிசார்ட்காரர் திங்கக்கிழமை காலையில ஒன்பதரை வரைக்கும் காத்திருப்பாரா?"

கம்பெனியில் சப்போர்ட்டுக்கு இருப்பது மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை ஆள் போட முடியாது என்றார் முதலாளி. பேசிப் பேசி, சனிக்கிழமை மட்டும் ஒருவர் சுழற்சி முறையில் இரவு ஒன்பது வரை இருப்பதாக முடிவானது. ஞாயிறு கிடையாது என்பதையும் அழைப்பில் அப்படியே எழுதினார்கள். ஞாயிறு இல்லை என்று தெரிந்தால், கடற்கரைப் பக்கம் விற்பவர் அதற்குத் தானே ஒரு ஏற்பாடு செய்துகொள்வார். தெரியாமல் விற்றால், முதல் ஞாயிறே அவர் பெயர் கெட்டுவிடும்.

எந்த வேலை யாருடையது என்பதையும் பிரித்து எழுதினார்கள். பிரின்டர், பாஸ்வேர்டு, புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகியவை டீலருடையவை. கணக்கு அழிந்துபோவது, பில் எண் குழம்புவது, வரி மாறுவது ஆகியவை கம்பெனியுடையவை.

கடைசியாகச் சொன்ன வரி மாற்றம் சின்ன விஷயம் இல்லை. 2025 செப்டம்பர் 3-ம் தேதி ஜி.எஸ்.டி கவுன்சில் கூடி விகிதங்களை மாற்றியது. 22-ம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. நடுவில் மூன்று வாரம்கூட இல்லை. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள ஹோட்டல் அறைகளுக்கு 12 சதவிகிதமாக இருந்த வரி 5 சதவிகிதமானது. கூடவே, அந்த அறைகளுக்காக வாங்கும் பொருட்களில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி போய்விட்டது. வெறும் விகிதத்தை மாற்றினால் பில் சரியாக வரும், ஆனால் மாதக் கடைசிக் கணக்கு தப்பாகும். இதை ஒரு டீலர் தனியாகச் செய்ய முடியாது. அந்த வாரம் கம்பெனியில் எல்லா போனும் ஒரே நேரத்தில் அடித்ததாக முதலாளியே சொன்னார். 'வரி விகிதம் மாறினால், அது அமலுக்கு வரும் நாளுக்கு முன்பே மாற்றிய மென்பொருள் உங்களுக்கு வந்துவிடும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை' என்ற வரி அந்த அனுபவத்தில் இருந்து வந்தது.

சங்கிலி அடகுக்குப் போகும் முன்

மூன்றாவது, டீலர் என்ன தர வேண்டும் என்பது. 'ஆர்வமும் உழைப்பும் இருந்தால் போதும்' என்ற வரியில் உண்மையே இல்லை. டீலர் ஆக வேண்டும் என்றால் முதலில் ஐந்து லைசென்ஸை முழுப் பணம் கட்டி வாங்க வேண்டும். அவை 9,600 வீதம் 48,000. அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி 8,640. மொத்தம் 56,640 ரூபாய். விற்காவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள். இது எதுவும் அழைப்பில் இல்லை. போனில் பேசும்போது இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் சொல்வார்கள்.

மாமல்லபுரத்துக்காரரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அவர் அதற்குள் மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேசிவிட்டார். மனைவி கேட்ட ஒரே கேள்வி, "விக்கலைன்னா என்ன பண்ணுவாங்களாம்?" அதற்கு அவரிடம் பதில் இல்லை.

அவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஜி.எஸ்.டி பதிவு இல்லை. சர்வீஸ் வேலைக்கு வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரவு தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்பதால் அவர் எடுக்கவில்லை. பதிவு இருக்கும் டீலர் 9,600-க்கு வாங்கும்போது 1,728 வரி கட்டுவார். விற்கும்போது 2,160 வரியை வாடிக்கையாளரிடம் வாங்குவார். கட்டியதைக் கழித்து மீதி 432-ஐ அரசுக்குச் செலுத்துவார். அவருக்கு 2,400 முழுசாக நிற்கும். பதிவு இல்லாதவர் பில்லில் வரி போட முடியாது, கட்டியதைக் கழிக்கவும் முடியாது. 11,328 ரூபாய் கொடுத்து வாங்கியதை 12,000-க்கு விற்றால் அவருக்கு நிற்பது 672 ரூபாய்.

எல்லோருக்கும் டீலர் முறை பொருந்தாது என்பது இந்தக் கணக்கில் தெரிந்தது. அதனால் அழைப்பு இரண்டு வழிகளாகப் பிரிந்தது. ஒன்று, வாங்கி விற்கும் டீலர். ஜி.எஸ்.டி பதிவு வேண்டும். ஐந்துக்குப் பதில் இரண்டு லைசென்ஸ் வாங்கினால் போதும், வரியோடு 22,656 ரூபாய். ஆறு மாதத்துக்குள் விற்காததைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது, கமிஷன் முறை. பில்லைக் கம்பெனியே நேரடியாக வாடிக்கையாளருக்குப் போடும். ஆளைப் பிடித்துக் கொடுத்து, மென்பொருளைப் போட்டுக் கொடுப்பவருக்கு அதே 2,400. முதலீடு கிடையாது. ஒரு நிதியாண்டில் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவிகிதம் டி.டி.எஸ் பிடிப்பார்கள், 2,400-க்கு 48 ரூபாய். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

கூடவே, செங்கல்பட்டில் இரண்டு நாள் பயிற்சிக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். மாமல்லபுரத்தில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். இரண்டு நாள் கடையைப் பூட்ட வேண்டும். அதுவும் ஒருவகையில் செலவுதான், முன்கூட்டியே தெரிய வேண்டும்.

நான்கு வரி வரலாறு

கடைசியில் வரலாறு. முதலாளி அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அதை முழுதாக வெட்டவில்லை. வரலாற்றில் டீலருக்குப் பயன்படுகிற கேள்வி ஒன்று உண்டு. 'நான் வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்ட பிறகு, நீங்கள் நாளைக்கும் இருப்பீர்களா?' அதற்குப் பதில் சொல்லும் வரிகள் மட்டும் நின்றன. எத்தனை வருடமாக நடக்கிறது, இன்றைக்குப் பணம் கட்டிப் பயன்படுத்தும் கடைகள் எத்தனை, இதற்கு முன் வரி மாறியபோதெல்லாம் மென்பொருளை மாற்றிக் கொடுத்தது, கம்பெனி யாருடையது. விருது போனது. தப்பான பில்லால் வந்த சண்டை ஒரு வரியாக நின்றது, ஏனென்றால் முதலாளிக்கு இந்த வேலை தெரியும் என்பதை அது சொன்னது.

வரலாற்றை முதலில் வைப்பதே தப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் கொடுக்கும் கம்பெனிகள் கட்டாயம் தர வேண்டிய ஆவணத்தில் 23 தலைப்புகள் உண்டு. முதல் தலைப்பே கம்பெனி யார் என்பதுதான். கட்டணம் ஐந்தாவதாகவும், தொடங்க ஆகும் மொத்தச் செலவு ஏழாவதாகவும் வரும். ஆனால் அங்கே 23-ல் எதையும் விட முடியாது. கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்பே அந்த ஆவணம் கைக்கு வந்துவிட வேண்டும். உட்கார்ந்து படிக்க அவகாசம் இருக்கிறது. இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்கள்தான். பணம் கட்டும் முன் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது பெரும்பாலும் கம்பெனியின் மனசு. அந்த நிலையில் முதல் அரைப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது ஒரு குடும்பத்தின் நகையைக் காப்பாற்றவும் செய்யும், அடகுக்கு அனுப்பவும் செய்யும்.

திருத்திய அழைப்பில் அந்தப் பெண் நினைத்த எல்லாமும் இடம்பெறவில்லை. டீலர் இருக்கும் ஊரில் கம்பெனி நேரடியாகக் குறைந்த விலைக்கு விற்காது என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். முதலாளி கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. தீபாவளிக்குத் தள்ளுபடி போட்டுத் தானே விற்கும் பழக்கத்தை விட அவருக்கு மனமில்லை. அந்த வரிக்கான இடம் காலியாகவே போனது.

புது அழைப்பு மாமல்லபுரத்துக்குப் போனது. அவர் கடையில் நின்றபடி முதல் அரைப் பக்கத்தைப் படித்தார். நோட்டில் இருந்த 72,000-ஐ அடித்துவிட்டு, கமிஷன் முறை என்று எழுதிக்கொண்டார். சங்கிலி வீட்டிலேயே இருந்தது. பிறகு முதலாளிக்குப் போன் செய்தார்.

"சார், எல்லாம் தெளிவா இருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் இல்லை. நான் டெமோ காட்டின ரிசார்ட்காரர் உங்களுக்கே நேரா போன் பண்ணி, 'குறைச்சுக் குடுங்க'ன்னு கேட்டா நீங்க குடுப்பீங்களா?"

முதலாளி உடனே பதில் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.